எவர்சில்வர் டப்பாவில் இருந்த உப்பு: டர்பனில் ஒரு நிகழ்வு ஆய்வு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் தெற்கே சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து அந்த அம்மாவைக் கொண்டுவந்தபோது பயப்படும் அளவுக்குப் பெரிய அறிகுறி எதுவும் அவரிடம் இல்லை. வயது 69. இருபது வருடச் சர்க்கரை, அதைவிடப் பழைய ரத்தக்கொதிப்பு. இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு, அன்று காலையிலிருந்து கால் துவண்டுபோய் எழுந்து நிற்க முடியவில்லை. "வேற ஒண்ணும் இல்ல டாக்டர் தம்பி, ஒடம்புல சத்தே இல்ல" என்றார். புரட்டாசி மாதம். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் புரட்டாசி என்றால் மாதம் முழுக்கக் கவுச்சி கிடையாது. விரதத்தில் இளைத்திருக்கிறார் என்றுதான் வீட்டில் நினைத்திருக்கிறார்கள். (அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன், மருத்துவ விவரம் அப்படியே இருக்கிறது.)

நாடி பிடித்த நர்ஸ் இரண்டாம் முறை எண்ணிப் பார்த்தார். நிமிடத்துக்கு 36. ரத்த அழுத்தம் 92/54. ஈசிஜி தாளில் ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் வரவேண்டிய சின்ன மேடான பி அலையைக் காணோம். நடுவில் ஊசிபோல் நிற்கவேண்டிய கியூஆர்எஸ் அகன்று சரிந்திருந்தது. அதன் பின்னால் வரும் டி அலை மட்டும் கூடாரக் கம்பு நட்டதுபோல் குறுகலாக, கூராக, உயரமாக நின்றது. சிறுநீரகம் கெட்ட ஒரு சர்க்கரை நோயாளியிடம் இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால் முதலில் பொட்டாசியத்தைத்தான் நினைக்க வேண்டும்.

லேபிலிருந்து போன் வந்தது. பொட்டாசியம் 8.1. ஆரோக்கியமான ஒருவருக்கு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கும், 6.5-ஐத் தாண்டினாலே கடுமையான நிலை. "சாம்பிள்ல செல் உடைஞ்சிருக்கலாம், இன்னொரு தடவை எடுத்து அனுப்புங்க" என்றார் லேப்காரர். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்குள்தான் இருக்கிறது. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால் உள்ளே இருப்பது வெளியே கசிந்து, இல்லாத உயர்வைக் காட்டிவிடும். கையை இறுக்கி மூடி மூடித் திறந்தாலும், குழாய் நேரம்கழித்து லேபுக்குப் போனாலும் இதே கதைதான். ஆனால் பொய்யான பொட்டாசியம் ஈசிஜியை மாற்றாது. இளம் டாக்டர் இரண்டாவது குழாயை அனுப்பிவிட்டுக் காத்திருக்கலாமா என்று கேட்டார். அனுப்புவோம், காத்திருக்க வேண்டாம் என்றேன். ஈசிஜி சரியாக இருந்திருந்தால் பொட்டாசியமும் சரிதான் என்று எடுத்துக்கொள்ள முடியுமா? முடியாது. 7-க்கு மேல் போயும் ஈசிஜியில் ஒன்றும் தெரியாத நோயாளிகள் உண்டு. ஈசிஜி மாறியிருந்தால் நம்பலாம். மாறாதிருந்தால் அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

பத்து சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லியை மெல்ல நரம்பில் ஏற்றினோம். அகன்ற கியூஆர்எஸ் ஐந்து நிமிடத்தில் கொஞ்சம் சுருங்கியது. இன்னொரு 10 மில்லி போனதும் நாடி 58-க்கு வந்தது. கால்சியம் பொட்டாசியத்தை ஒரு துளிகூடக் குறைப்பதில்லை. இதயத் தசையை அரைமணி, ஒரு மணி நேரத்துக்குக் காத்துக்கொடுக்கும், அவ்வளவுதான். அந்த அவகாசத்தில் 10 யூனிட் இன்சுலினும் கூடவே குளுக்கோஸும் கொடுத்து, சால்பியுடமால் நெபுலைசரும் வைத்து, ரத்தத்திலிருக்கும் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளினோம். வயிற்றுப்போக்கில் வற்றிப்போயிருந்ததால் உப்புநீர் ஏற்றினோம்; இரண்டு மணி நேரத்தில் சிறுநீர் வந்தது. டயாலிசிஸ் மெஷினைத் தயாராக வைத்திருந்தும் தேவைப்படவில்லை. மூன்றாவது மணி நேரத்தில் சர்க்கரை லிட்டருக்கு 3.4 மில்லிமோலுக்கு இறங்கியதை நர்ஸ் பிடித்தார். அந்த இன்சுலினின் வேலை நாலு முதல் ஆறு மணி நேரம் இருக்கும், குளுக்கோஸ் அதற்கு முன்பே தீர்ந்துவிடும். பொட்டாசியம் இறங்கிவிட்டது என்று எல்லோரும் திரும்பிப் படுக்கும் நேரத்தில்தான் இது நடக்கும்.

மறுநாள் காலை பொட்டாசியம் 5.3. காரணமும் கையில் கிடைத்துவிட்டதாக நினைத்தோம். அம்மாவின் கைப்பையிலிருந்த மாத்திரைகள்: எனலாப்ரில் 10 மில்லிகிராம் இரண்டு வேளை, ஆம்லோடிபின், ஹைட்ரோகுளோரோதையசைடு, மெட்ஃபார்மின், கூடவே புதிதாக ஸ்பைரனோலாக்டோன் 25. மூன்று மாத்திரை போட்டும் கொதிப்பு 168/94-க்குக் கீழே இறங்காததால் நாலு வாரத்துக்கு முன் கிளினிக்கில் ஸ்பைரனோலாக்டோனைச் சேர்த்திருக்கிறார்கள். மூன்றாவது மாத்திரைக்கும் அடங்காத கொதிப்புக்கு நாலாவதாக அதைச் சேர்ப்பது முறையான வைத்தியம்தான். ஆனால் அதற்கு முந்தைய ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 4.9, கிரியேட்டினின் லிட்டருக்கு 128 மைக்ரோமோல். அதாவது சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்குச் சுமார் 39 மில்லி. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல், இந்த மாத்திரையை வடிகட்டும் திறன் 45-க்குக் குறையாமலும் பொட்டாசியம் 4.5-ஐத் தாண்டாமலும் இருப்பவர்களோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. ஒரு வாரம் கழித்துச் செய்யவேண்டிய ரத்தப் பரிசோதனைச் சீட்டு மடித்தபடி அதே பையில் இருந்தது. எந்த கிளினிக் என்பது இங்கே முக்கியமில்லை. இப்படி மடித்த சீட்டுகளை நான் எல்லா கிளினிக் பைகளிலும் பார்த்திருக்கிறேன்.

எனலாப்ரிலையும் ஸ்பைரனோலாக்டோனையும் நிறுத்தினோம். கதை இத்தோடு முடிந்தது என்று நோட்டிலும் எழுதியாகிவிட்டது.

மூன்றாம் நாள் காலை பொட்டாசியம் 5.9.

ஸ்பைரனோலாக்டோனின் வேலை கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு மூன்று நாள் இழுக்கும், அதனால்தான் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் கிரியேட்டினின் 236-லிருந்து 171-க்கு வந்திருந்தது. சிறுநீர் நன்றாகப் போனது. சிறுநீரகம் தேறிவரும்போது, மாத்திரைகளையும் நிறுத்தியிருக்கும்போது, பொட்டாசியம் தேங்கி நிற்கலாம், ஏறக்கூடாது. ஏறுகிறது என்றால் எங்கிருந்தோ உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கட்டிலருகே இருந்த அலமாரியின் மேல், தண்ணீர் பாட்டிலுக்குப் பின்னால், குங்குமச் சிமிழைவிடக் கொஞ்சம் பெரிய எவர்சில்வர் டப்பா ஒன்று இருந்தது. முன்தினமும் இருந்திருக்க வேண்டும், நான் பார்க்கவில்லை.

"இது என்னம்மா?"

"உப்பு தம்பி. ஆஸ்பத்திரிச் சோத்துல உப்பே போட மாட்டேங்கறாங்க. மருமக கொண்டாந்து குடுத்துது. இது கொதிப்புக்காரங்களுக்குன்னே விக்கிற உப்பு, ஒண்ணும் செய்யாது."

சேர்த்த அன்றே நான் அவரிடம் கேட்டிருந்தேன்: "உப்பு குறைச்சாச்சாம்மா?" அவர் "ஒரு மாசமா அந்த உப்பைத் தொடுறதே இல்ல" என்றார். நோட்டில் 'உப்பு தவிர்க்கிறார்' என்று எழுதி, மனதுக்குள் பாராட்டவும் செய்திருந்தேன். அவர் பொய் சொல்லவில்லை. என் கேள்விதான் தவறு.

டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தேன். முதலில் உப்பு. இரண்டு நொடி கழித்து நாக்கின் பின்பக்கம் ஒரு கசப்பு, பழைய செம்புக் காசை வாயில் போட்டதுபோல. கண்ணுக்கு மேசை உப்புக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. கசப்பினால் சிலர் குறைத்துப் போடுவார்கள் என்று எண்ணத் தோன்றும். எங்கள் சமையலில் நடப்பது வேறு. புளியும் மிளகாய்த் தூளும் கசப்பை மூடிவிடும். உப்புச் சுவை மட்டும் போதாமல் தெரியும், அதனால் இன்னும் கொஞ்சம் விழும்.

மருமகளிடம் அட்டையை எடுத்துவரச் சொன்னேன். 350 கிராம் பாக்கெட். மூன்றில் இரண்டு பங்கு, 66 சதவீதம், பொட்டாசியம் குளோரைடு; மீதி வழக்கமான சோடியம் உப்பு. பின்பக்கம், கண்ணாடி போடாமல் வாசிக்க முடியாத எழுத்தில், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, இதயநோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுப் பயன்படுத்தவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. முன்பக்கம் பெரிதாக ஒரு சிவப்பு இதயம்.

"டாக்டர்தான மாமிக்கு உப்பைக் கொறைக்கச் சொன்னாரு" என்றார் மருமகள், குரல் உடைந்து. "வெல கூடன்னு நாங்ககூடப் போட்டுக்கல. மாமிக்கு மட்டும் தனியாக் கொழம்பு வெச்சு இதப் போட்டேன்." அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதை அன்று மூன்று தடவையாவது சொல்லியிருப்பேன்.

பாக்கெட்டைச் சமையலறைத் தராசில் நிறுத்தச் சொன்னேன். மீதி 118 கிராம். பிரித்து 29 நாள். 232 கிராம் போயிருக்கிறது; நாளுக்கு 8 கிராம், கிட்டத்தட்ட ஒன்றரை டீஸ்பூன். அதில் பொட்டாசியம் குளோரைடு 5.3 கிராம். ஒரு கிராம் பொட்டாசியம் குளோரைடில் 13.4 மில்லிமோல் பொட்டாசியம். ஆக, தட்டில் மிஞ்சியதைக் கழிக்காமல் பார்த்தால், நாளுக்கு 71 மில்லிமோல். எண்ணாகச் சொன்னால் இது உறைக்காது. பொட்டாசியம் குறைந்தவர்களுக்கு நாங்கள் எழுதும் 600 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் இருப்பது 8 மில்லிமோல். அதாவது எனலாப்ரிலும் ஸ்பைரனோலாக்டோனும் சாப்பிடும், சிறுநீரகம் பாதி போன ஒரு சர்க்கரை நோயாளி ஒரு மாதமாகத் தினம் ஒன்பது பொட்டாசியம் மாத்திரை விழுங்கியிருக்கிறார். அப்படி ஒரு சீட்டு எழுதினால் எந்த மருந்துக்கடைக்காரரும் போன் போட்டுத் திட்டுவார். சூப்பர்மார்க்கெட் கல்லாவில் யாரும் போன் போட மாட்டார்கள்.

இத்தனைக்கும் 71 மில்லிமோல் விஷமே அல்ல. நல்ல சிறுநீரகம் உள்ளவர் நாளுக்கு 90 மில்லிமோலாவது உணவில் எடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உள்ளே போனதில் பத்தில் ஒன்பது பங்கைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். அந்த வேலை நடப்பது சிறுநீரகக் குழாயின் கடைசிப் பகுதியில். அங்கே சோடியத்தை உள்ளே வாங்கிக்கொண்டு, பதிலுக்குப் பொட்டாசியம் வெளியே விடப்படுகிறது. அந்தக் கதவைத் திறக்கும் சாவி அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன். எனலாப்ரில் சாவி செய்வதைக் குறைக்கிறது. ஸ்பைரனோலாக்டோன் சாவித்துவாரத்தை அடைக்கிறது. நாள்பட்ட சர்க்கரை நோயில் பல பேருக்கு எந்த மாத்திரையும் இல்லாமலேயே சாவி குறைவாகத்தான் வருகிறது. போதாததற்கு, அந்த அம்மா சோடியம் உப்பைக் குறைத்துவிட்டார், பிறகு வயிற்றுப்போக்கில் நீரும் போய்விட்டது. கடைசிக் குழாய்வரை வந்துசேரும் சோடியமே குறைந்துபோனால், எதை வாங்கிக்கொண்டு எதை விடுவது? சோடியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியத்தை வைப்பதில் உள்ள சிக்கல் இதுதான். வரவு கூடுகிறது, அதே கையால் செலவுக்கான வழியும் குறுகுகிறது.

புரட்டாசிச் சமையலையும் விசாரித்தேன். பீன்ஸ், பருப்பு, கீரை, மடும்பிக் கிழங்கு. எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு. ஆனால் இவர் எல்லாப் புரட்டாசியிலும் இதைத்தான் சாப்பிடுகிறார், முந்தைய வருடம் ஒன்றும் ஆகவில்லை. உணவுப் பொட்டாசியத்தோடு நாரும் சேர்ந்து வருகிறது, முழுதும் உடம்பில் ஏறுவதில்லை, கிழங்கை வேகவைத்து வடித்தால் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடுகிறது. தூளாகத் தூவும் பொட்டாசியம் குளோரைடுக்கு அந்தத் தடைகள் எதுவும் இல்லை. ஆகவே வாழைப்பழத்தைத் திட்டிவிட்டு உப்புப் பாக்கெட்டைக் கேட்காமல் விடும் உணவு ஆலோசனை எனக்குப் புரிவதில்லை.

இந்த மாற்று உப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆதாரம் அதற்கு நேர்மாறாக இருக்கிறது. சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேரை ஏறக்குறைய ஐந்து வருடம் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு 2021-இல் வெளிவந்தது. முக்கால் பங்கு சோடியம், கால் பங்கு பொட்டாசியம் கலந்த உப்பில் சமைத்தவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆபத்தான பொட்டாசிய உயர்வு இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகவே இருந்தது. இதைப் படித்துவிட்டு நிம்மதியாகப் புத்தகத்தை மூடுகிறவர்கள் இரண்டு விஷயத்தைப் பார்ப்பதில்லை. ஒன்று, அங்கே கொடுத்தது 25 சதவீதக் கலவை. எவர்சில்வர் டப்பாவில் இருந்தது 66. இரண்டு, கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களையும், பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் சிறுநீர் மாத்திரை சாப்பிடுபவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த உப்புகளை வீட்டுச் சமையலுக்குப் பரிந்துரைத்தபோதும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பொட்டாசியம் வெளியேறுவதில் வேறு தடை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோரை விலக்கித்தான் சொன்னது.

மாத்திரை விஷயத்தில் இந்தப் பாடத்தை ஒருமுறை படித்து முடித்தாயிற்று. இதயம் பலவீனமானவர்களுக்கு ஸ்பைரனோலாக்டோன் உயிர்காக்கும் என்று காட்டிய ஆய்வு 1999-இல் வந்தது. அதில் பொட்டாசியம் 5-ஐத் தாண்டியவர்களையும் கிரியேட்டினின் மிக அதிகமானவர்களையும் ஒதுக்கியிருந்தார்கள். வெளியே டாக்டர்கள் அப்படி ஒதுக்கவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் அடுத்த இரண்டு வருடத்துக்குள் அந்த மாத்திரை எழுதப்படுவது பல மடங்கு ஏறியது. அத்தகைய நோயாளிகளில் பொட்டாசிய உயர்வால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 1994-இல் ஆயிரத்துக்கு 2.4, 2001-இல் 11. மருந்து அதேதான், வாசலில் நின்று வடிகட்டிய ஆள்தான் இல்லை.

தென்னாப்பிரிக்காவில் பிரெட், சிப்ஸ், சூப்புத் தூள் போன்றவற்றில் சோடியத்துக்கு 2016 முதல் சட்டப்படி வரம்பு உண்டு. நல்ல சட்டம். உப்பு கெடுதல் என்ற பேச்சும் அதனோடு சேர்ந்து வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. அதனால் மாற்று உப்பை வாங்குகிறவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். இருபது வயது ஆரோக்கியசாலிகள் அல்ல. கொதிப்பு, சர்க்கரை, இதயநோய் என்று டாக்டரிடம் போய்வருகிறவர்கள்தான். அதாவது இந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களே.

உங்கள் மாத்திரை அட்டையில் 'ப்ரில்' என்றோ 'சார்டன்' என்றோ முடியும் பெயர் இருந்தால் (எனலாப்ரில், பெரிண்டோப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன்) அது பொட்டாசியத்தைக் கொஞ்சம் பிடித்துவைக்கும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் அது ஒன்று மட்டும் பெரிய சேதம் செய்யாது. ஆனாலும் ரத்தம் பார்க்காமல் அந்த உப்புக்கு மாறச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஸ்பைரனோலாக்டோன், எப்ளரினோன், அமிலோரைடு, இவை வலுவாகப் பிடித்துவைக்கும். இவற்றோடு அந்த உப்பு வேண்டவே வேண்டாம். அமிலோரைடு பெரும்பாலும் இன்னொரு சிறுநீர் மாத்திரையோடு கலந்து ஒரே மாத்திரையாக வருவதால், அதைச் சாப்பிடுகிறவர்களுக்கே அது உள்ளே இருப்பது தெரியாது. ஆம்லோடிபின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இந்தப் பயம் இல்லை. வடிகட்டும் திறன் 60-க்குக் கீழே போய்விட்டால் மாத்திரை எதுவாக இருந்தாலும் அந்த உப்பை நான் தடுத்துவிடுகிறேன். சிக்கல் என்னவென்றால், அது 40-க்கு வந்தாலும் உடம்பு பெரும்பாலும் எதையும் காட்டிக்கொடுக்காது. இந்த அம்மாவுக்கும் அவர் சிறுநீரகம் அந்த நிலையில் இருப்பது தெரியாது.

இன்னொன்று, மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடும் கணக்கு இரண்டே நாளில் கவிழ்ந்துவிடும். வாந்தி, வயிற்றுப்போக்கு, மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய ஐபுப்ரோஃபென், சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோட்ரைமாக்ஸசோல், இவற்றில் ஒன்று போதும். கோட்ரைமாக்ஸசோலில் உள்ள ட்ரைமெத்தோப்ரிம் அமிலோரைடைப் போலவே சிறுநீரகக் கதவை அடைக்கிறது. எச்ஐவி சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் தொற்று வராமல் தடுக்க இதே மாத்திரையைக் கொடுப்பதால் இந்த ஊரில் அதை அடிக்கடி பார்க்கிறோம். அறிகுறியை நம்பி இருக்கவும் முடியாது. கால் துவளுதல், படபடப்பு, மயக்கம் எல்லாம் பலருக்குக் கடைசி மணி நேரத்தில்தான் வருகின்றன, சிலருக்கு வருவதே இல்லை. ஒரே வழி ரத்தப் பரிசோதனை. இந்த மாத்திரைகளைத் தொடங்கினாலோ அளவைக் கூட்டினாலோ ஒன்று, இரண்டு வாரத்துக்குள் பார்க்க வேண்டும். ஸ்பைரனோலாக்டோனுக்கு ஒரு வாரத்திலும் மறுபடி நாலாவது வாரத்திலும்.

டப்பா போன மறுநாள் பொட்டாசியம் 5.1, அதற்கடுத்த நாள் 4.7. வீட்டுக்கு அனுப்பும்போது ஆம்லோடிபினும் சிறுநீர் மாத்திரையும் மட்டும் கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்துப் பொட்டாசியம் 4.6 என்றானதும் எனலாப்ரிலை 5 மில்லிகிராமில் திரும்பத் தொடங்கினேன். சர்க்கரை நோயில் சிறுநீரகத்தைக் காக்கும் மருந்து அது. ஒரு விபத்துக்காக ஒரேயடியாக விட்டுவிட மனம் வரவில்லை. ஒரு வாரத்தில் திரும்பப் பார்த்தபோது 4.8. ஸ்பைரனோலாக்டோனைத் திரும்பக் கொடுக்கவில்லை. மெட்ஃபார்மின் அளவையும் சிறுநீரகத்துக்குத் தக்கபடி குறைத்தேன். உப்புக்குப் பதில் வேறு உப்பு இல்லை, உப்பையே குறைப்பது என்று முடிவானது: ஊறுகாயும் அப்பளமும் போய், குழம்பில் பாதி உப்பு, மேலே எலுமிச்சை. கொதிப்பு 146/82. இன்னும் இறங்க வேண்டும்தான்.

சேர்க்கும்போது நான் கேட்கும் கேள்வியையும் மாற்றிவிட்டேன். "உப்பு குறைச்சாச்சா" என்று கேட்பதில்லை. "வீட்ல எந்த உப்பு? பாக்கெட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்க" என்கிறேன். இதுவரை வந்த போட்டோக்களில் 'கடல் உப்பு', 'இமாலய உப்பு' என்று வெறும் சோடியம் உப்புக்கே விதவிதமான பெயர்கள்தான் அதிகம். ஆனால் இரண்டு பேர் அனுப்பியது அதே சிவப்பு இதயம்.

மருமகள் கடைசியாக ஒன்று கேட்டார். அவர் கணவருக்கு 44 வயது, ஆம்லோடிபின் மட்டும் சாப்பிடுகிறார், சிறுநீரகம் சரியாக இருக்கிறது. மீதி 118 கிராமை அவர் போட்டுக்கொள்ளலாமா? தாராளமாகப் போடலாம், அவருக்கு நல்லதுகூட என்றேன். கொஞ்சநேரம் யோசித்தார். "ஒரே அடுப்படியில ரெண்டு வெள்ளை உப்பு வேணாம் டாக்டர்" என்றார். அடுத்தமுறை வந்தபோது விசாரித்தேன். பாக்கெட்டைக் கொட்டிவிட்டாராம், அந்த எவர்சில்வர் டப்பாவில் இப்போது மஞ்சள்தூள் இருக்கிறது.